அடுப்படித் தீப்புண்ணும் இரண்டு குடம் தண்ணீரும்

விறகடுப்பில் சமைக்கும் நம் அங்கத்தினர் இல்லங்களில் தீப்புண் நேர்ந்தவுடன் கை நீளுவது மாவுச் சட்டிக்கும், மஞ்சள் டப்பாவுக்கும், மைப் புட்டிக்குமே. இவ்வழக்கத்தை அறவே கைவிட வேண்டும் என்பது எமது கருத்து. முதல் இருபது நிமிஷம் தண்ணீருக்கே உரியது.

சோறு வடிக்கும்போது பானை நழுவி, கொதிக்கும் கஞ்சி ஒரு பெண்மணியின் முன்கையிலும் புறங்கையிலும் கொட்டிவிட்டதாகக் கொள்வோம். கஞ்சி பசைபோல் ஒட்டிக்கொள்வதால் வெந்நீரைவிட அதிக நேரம் சுடும். அது வழிந்த பின்னரும் தோலில் தங்கிய வெப்பம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் மாவும் அவ்வெப்பத்தை வெளியேற விடாமல் மூடிவிடுகின்றன. மஞ்சளும் மையும் புண்ணின் நிறத்தை மறைப்பதால், அதன் ஆழத்தை மருத்துவர் கண்டறிய இயலாமற் போகிறது.

ஆகவே, தண்ணீர் ஊற்றத் தொடங்கும்போதே வளையல், மோதிரங்களைக் கழற்றிவிடுக. வீக்கம் கண்டபின் அவை கழலா. நனைந்த துணியையும் அகற்றுக. ஆனால் தீயில் உருகித் தோலோடு ஒட்டிய நைலான், பாலியெஸ்டர் துணியைப் பிய்த்தல் கூடாது. குழாய் இல்லாத வீட்டில், நிமிஷத்திற்கு ஒரு லிட்டர் வீதம் சொம்பினால் மெல்ல ஊற்றினால், இருபது நிமிஷத்திற்கு இருபது லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு குடம் போதும். விபத்து நேர்ந்து மூன்று மணி நேரம் வரையில் இது பயன் தரும். பனிக்கட்டி வேண்டாம், அது வெந்த தோலை மேலும் கெடுக்கும். குழந்தையாயின் உடலின் மற்றப் பகுதிகளைப் போர்வையால் மூடிக் குளிராமல் காத்தல் அவசியம்.

பின்னர் துவைத்து உலர்ந்த, பஞ்சு உதிராத பருத்தித் துணியைப் புண்ணின்மேல் தளர்வாகப் போர்த்துக. கொப்புளங்களை உடைக்கலாகாது.

இனி மருத்துவமனைக்குச் செல்வதா என்ற கேள்வி. புண்பட்டவரின் உள்ளங்கை, விரல்கள் உட்பட, அவர் உடற்பரப்பில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. புண் அதைவிடப் பெரிதாயின் செல்ல வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டிருந்தால் சிறிதாயினும் செல்ல வேண்டும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் தாமதித்தலாகாது. தோல் வெளுத்தோ கருகியோ வலியின்றி இருப்பின் அதனை நற்குறி என மயங்க வேண்டாம். உணர்வு நரம்புகளும் வெந்துவிட்டன என்பதே அதன் பொருள். புகையைச் சுவாசித்தவருக்குக் குரல் கம்மினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108 வண்டியை அழைக்கவும்.

நாம் கூறிய பெண்மணிக்குப் புறங்கையிலும் புண் உண்டு. எனவே, வலி தணிந்தாலும் அவர் அன்றே மருத்துவமனை சேர வேண்டும். விரல்கள் மடங்காது போயின் தறியில் இழை முடிவது எவ்வாறு?

ஒவ்வோர் அடுப்படிக்கும் அருகில் இரண்டு குடம் தண்ணீர் எப்பொழுதும் நிறைந்திருக்கட்டும்.