37 பேர்தான் வந்திருக்காங்க

நம்ம சேலம், நாமக்கல் பக்கத்து ஸ்கூல் ஒன்றுக்கு ஃபயர் டிரில் வீடியோ எடுக்கப் போறீங்களா? ட்ரோன் ஷாட்டை அப்புறம் பார்க்கலாம். முதல்ல கும்பகோணம். 2004 ஜூலை 16. சமையல்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவியது. மாடியில் பிள்ளைகள், இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்தார்கள்.

அதனால "அனைவரும் அமைதியாக வெளியேறவும்"னு வாய்ஸ் ஓவர் எழுதறதை நான் ஸ்கிரிப்டாவே ஒத்துக்க மாட்டேன். அந்த 'அனைவரும்' யாருங்க? ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆள் வேணும்.

மாடி வகுப்பு ஒன்றை எடுத்துக்கோங்க. பெல் அடிக்குது. வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவேட்டோட முன்னால போறாங்க. திரையில் மஞ்சள் எழுத்தில் 'வகுப்பு ஆசிரியை', கையிலும் மஞ்சள் பட்டை. படிக்கட்டில் புகை. உடனே, "திரும்புங்க, அடுத்த படி!" இந்த ஷாட் கட்டாயம். வழி திறந்தே இருக்கிற டிரில் பாதி டிரில்தான். அடுத்த படியே இல்லாத கட்டடம்னா ஷூட்டிங்கை நிறுத்திட்டு நிர்வாகத்துகிட்ட பேசுங்க.

கடைசியா வர்றவருக்குச் சிவப்புப் பட்டை. கழிவறையைப் பார்த்துட்டு, கதவைப் பூட்டாம சாத்திட்டு வரணும். சாத்தின கதவு புகையைக் கொஞ்ச நேரம் தடுக்கும்.

மைதானத்தில் எண்ணிக்கை. பதிவேட்டில் இன்னைக்கு வந்தவங்க 38, வரிசையில் 37. இங்கே ஆசிரியை மறுபடி உள்ளே ஓடுற மாதிரி எழுதிடாதீங்க, சினிமாவுக்கு மட்டும்தான் அது நல்லா இருக்கும். அவங்க தலைமை ஆசிரியர்கிட்ட சொல்றாங்க: "ஒரு பையன் இல்லை, கடைசியா மாடி வகுப்பில் இருந்தான்." அவர் அதை அப்படியே தீயணைப்பு வீரரிடம் சொல்கிறார். கட்.