ஐந்து லட்சமா, மாதம் இரண்டாயிரமா? கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுவோம்!



நிலம் எடுப்பு என்று நோட்டீஸ் வந்த ஊர்களில் ஒரு படிவம் கைக்கு வருகிறது. ஏதாவது ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இது நிலத்துக்கான விலை இல்லை. அது தனி. பாதிக்கப்படும் குடும்பத்துக்கு மறுவாழ்வுக்காக 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் கொடுக்கும் தொகை இது. நிலம் வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, அந்த நிலத்தை நம்பி மூன்று வருஷமாகப் பிழைத்துவந்த குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலிக் குடும்பத்துக்கும் இதில் உரிமை உண்டு.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மூன்று வழி சொல்கிறது. திட்டத்தில் வேலை உருவாகுமானால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை. இல்லையென்றால் ஒரே தடவையில் 5 லட்சம் ரூபாய். அதுவும் வேண்டாமென்றால் மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 வருஷத்துக்கு வருகிற ஆண்டுத்தொகை பாலிசி. வேலை கிடைக்காத இடத்தில் மீதி இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

"மொத்தமா வாங்கினா கரைஞ்சு போயிடும், மாசாமாசம் பென்ஷன் மாதிரி வாங்கிக்கோங்க" என்று நல்லவர்போல் பேசுகிறவர்கள் உண்டு. பேச்சு இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம்.

மாதம் 2,000 வீதம் 20 வருஷம் என்றால் 240 தவணை. மொத்தம் 4 லட்சத்து 80 ஆயிரம். இருபது வருஷம் காத்திருந்து வாங்குவதே 5 லட்சத்தைத் தொடவில்லை! ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. இன்று கையில் இருக்கும் 2,000 ரூபாயும் இருபது வருஷம் கழித்து வரப்போகும் 2,000 ரூபாயும் ஒன்றா?

வட்டிக் கணக்கு நமக்குப் புதிதல்ல. வங்கியில் எட்டணா வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஐம்பது காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 6 சதவீதம். பத்து வருஷம் கழித்து 2,000 ரூபாய் வேண்டுமானால் இன்றைக்கு 1,099 ரூபாய் போட்டு வைத்தால் போதும், வட்டிக்கு வட்டி சேர்ந்து 2,000 ஆகிவிடும். இருபது வருஷம் கழித்து வேண்டுமானால் 604 ரூபாய் போதும். அப்படியென்றால் கடைசித் தவணையாக அவர்கள் தரப்போகும் 2,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு வெறும் 604 ரூபாய்தான்.

இப்படி 240 தவணைக்கும் தனித்தனியாக இன்றைய மதிப்பு பார்த்துக் கூட்டினால் 2 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய் வருகிறது. சுருக்கு வழியும் இருக்கிறது. எட்டணா வட்டிக்கு, 20 வருஷத்துக்கு, மாதத் தொகையை 139.58-ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான். ஒரு பக்கம் 5 லட்சம், இன்னொரு பக்கம் 2 லட்சத்து 79 ஆயிரம். இரண்டும் சமமாக வேண்டுமானால் மாதம் 3,582 ரூபாய் தர வேண்டும்.

பெருக்கல் வேண்டாம் என்கிறவர்களுக்கு இன்னொரு வழி. 5 லட்சத்தை எட்டணா வட்டிக்குப் போட்டால் மாதம் 2,500 ரூபாய் வட்டி வரும். 2,000-ஐ விட 500 கூடுதல். இருபது வருஷம் வட்டி வாங்கிச் சாப்பிட்ட பிறகும் அசல் 5 லட்சம் அப்படியே இருக்கும். பாலிசியில் இருபது வருஷம் முடிந்தால் ஒன்றும் மிஞ்சாது.

கடன் இருக்கிற குடும்பத்துக்கு நிலைமை இன்னும் மோசம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு வட்டியில் 2 லட்சம் கடன் இருக்கிறதென்று வைப்போம். மாதம் 4,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. பாலிசி எடுத்தால் வருகிற 2,000 வட்டியில் பாதியைத்தான் அடைக்கும், அசல் அசையாது. 5 லட்சம் வாங்கினால் கடனை ஒரே நாளில் அடைத்துவிடலாம். மாதம் 4,000 மிச்சம். மீதி 3 லட்சத்துக்கு எட்டணா வீதம் 1,500 வருகிறது. ஆக அந்தக் குடும்பத்துக்கு மாதம் 5,500 ரூபாய் வித்தியாசம், அதோடு 3 லட்சமும் கையில். இரண்டு வட்டிக்குக் கடன்பட்டவனுக்கு இந்தப் பாலிசியின் இன்றைய மதிப்பு ஒரு லட்சம்கூடத் தேறாது. நமக்கு எந்த வட்டி பொருந்துமோ அந்த வட்டியில்தான் கணக்குப் போட வேண்டும். வட்டி ஏற ஏற, நாளைக்கு வரும் பணத்தின் மதிப்பு இறங்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். மாதத் தொகையை விவசாயத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்குத் தக்கபடி உயர்த்தித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வருஷம் 5 சதவீதம் உயர்ந்தால் இருபதாவது வருஷம் மாதம் 5,054 ரூபாய் கிடைக்கும். அப்போது பாலிசியின் இன்றைய மதிப்பு 4 லட்சத்து 19 ஆயிரம் ஆகிறது. உயர்வு இல்லாத பாலிசியோடு பார்த்தால் 1 லட்சத்து 40 ஆயிரம் வித்தியாசம்! ஆகவே பாலிசித் தாளில் அந்த உயர்வு எழுதியிருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. "மாதம் ரூ.2,000, 240 மாதம்" என்று மட்டும் இருந்தால் சட்டம் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

உயர்வு இருந்தாலும் எட்டணா வட்டிக் கணக்கில் பாலிசி 5 லட்சத்தை எட்ட, இருபது வருஷமும் விலைவாசி சராசரியாக வருஷத்துக்கு ஏழு சதவீதம் ஏற வேண்டும். வங்கி வட்டி விழுந்து விலைவாசி ஏறினால் பாலிசி ஜெயிக்கும். அதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மொத்தப் பணம் சீட்டுக்கும் சீருக்கும் போய்விடும் என்று வீட்டுப் பெண்கள் பயப்படுவதும் நியாயம்தான். பணத்தைக் கட்டிக் காக்க முடியாத வீட்டுக்கு, உயர்வோடு கூடிய பாலிசி பாதுகாப்புதான். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது:

1. பாலிசியின் வாசகத்தைத் தமிழில் கிராம சபையில் படித்துக் காட்டிய பிறகே விருப்பப் படிவம் வாங்க வேண்டும்.

2. எந்த மாதத்துக் குறியீட்டெண்ணிலிருந்து, வருஷத்தில் எப்போது உயர்வு என்பதைப் பாலிசியில் எழுத வேண்டும்.

3. குடும்பத் தலைவர் இறந்தாலும் 20 வருஷம் முடியும்வரை தொகை குடும்பத்துக்கு வர வேண்டும். சட்டம் குடும்பத்துக்கு என்றுதான் சொல்கிறது, ஆளுக்கு என்று சொல்லவில்லை.

4. சட்டத்தில் இருப்பது "2,000-க்குக் குறையாமல்" என்ற வார்த்தை. அது 2013-இல் எழுதிய அடிமட்டம், உச்சவரம்பு அல்ல. மாதம் 3,600 ரூபாயும் அதற்கு மேல் விலைவாசி உயர்வும் வேண்டும்.

5. மொத்தத் தொகை கேட்பவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டுக் கணக்கில் போட வேண்டும்.

படிவம் வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக் கடன் எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். வீடு வீடாகக் கணக்குப் போடுவோம், ஊராகச் சேர்ந்து கேட்போம்!