25 பேரையும் கேட்டீங்களா, மகன்?

போன கிழமை தரம் 12 பிள்ளைகளின் குழுச் செயற்றிட்டம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். "இரவு நேரத் தொலைபேசிப் பாவனையும் காலைப் பாடங்களில் கவனமும்" என்பது தலைப்பு. அட்டை, பொருளடக்கம், நிறம் நிறமாக வரைபுகள், எல்லாம் அச்சொட்டாக இருந்தன. எங்கள் பாடசாலை மாணவர் 25 பேருக்கு வினாக்கொத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தார்கள். "காலையில் முதற் பாடத்தில் எனக்குத் தூக்கம் வருகிறது" என்ற கூற்றுக்கு 1 முதல் 5 வரை ஒரு எண்ணுக்கு வட்டமிட வேண்டும். சராசரி 3.47 என்றிருந்தது.

அந்த 3.47 இல்தான் என் பேனை நின்றது.

நீங்களும் கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் போட்டது 1, 2, 3, 4, 5 என்ற முழு எண்களில் ஒன்று. 25 முழு எண்களைக் கூட்டினால் வருவதும் முழு எண்தான். மொத்தம் 86 என்றால் சராசரி 3.44. மொத்தம் 87 என்றால் 3.48. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. 3.47 வர வேண்டுமென்றால் மொத்தம் 86.75 ஆக இருக்க வேண்டும். முக்கால் வட்டம் போட்ட பிள்ளை யார்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இரண்டு பேர் வெளியான ஆய்வுக் கட்டுரைகளை இதே கணக்கால் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'கிரிம்' சோதனை என்று அதற்குப் பெயர். கல்குலேட்டர் ஒன்று போதும். ஆனால் எல்லைகள் உண்டு. பதில்கள் முழு எண்களாக இருக்க வேண்டும். செடியின் உயரம், தண்ணீரின் வெப்பநிலை போன்ற அளவுகளுக்கு இது சரிவராது. சராசரியை இரண்டு தசமதானத்தில் எழுதினால், ஆட்கள் 100 ஐத் தாண்டியதும் எந்த எண்ணும் வரக்கூடும். இன்னொன்று, சிலர் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தால் வகுக்கும் எண் 25 ஆக இருக்காது. எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். ஆகவே 3.47 ஐக் கண்டவுடன் "பொய்" என்று சிவப்பில் எழுத ஏலாது. கேட்க மட்டும்தான் ஏலும்.

குழுத் தலைவனைக் கூப்பிட்டு, நிரப்பிய தாள்களைக் கொண்டுவரச் சொன்னேன். 25 தாளும் வந்தன. மேசையில் பரப்பிப் பார்த்தேன். 17 தாள்கள் பிள்ளைகளின் கைபட்ட தாள்கள்: ஒன்றில் வட்டத்தை வெட்டி வேறு வட்டம் போட்டிருந்தது, இன்னொன்றில் ஆறாவது கேள்விக்குப் பதிலே இல்லை, ஒன்றின் ஓரத்தில் கிரிக்கெட் மட்டை வரைந்திருந்தது. மற்ற 8 தாளும் ஒரே நீலப் பேனை. ஒரு வெட்டு இல்லை, ஒரு விடுபட்ட கேள்வி இல்லை. பதில்கள் 3, 4, 3, 4 என்று வரிசையாகப் போகின்றன. உண்மையான மனிதர்கள் இவ்வளவு சீராகப் பதில் சொல்வதில்லை. ஒருவர் எல்லாவற்றுக்கும் 5 போடுவார், ஒருவர் அரைவாசியில் விட்டுவிட்டு எழும்பிப் போவார்.

"25 பேரையும் கேட்டீங்களா, மகன்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தான். "17 பேர்தான் ஸேர் திருப்பித் தந்தாங்க. நீங்க 25 கட்டாயம் வேணும் என்டு சொன்னீங்க. மிச்சத்த ராவு நாங்களே நிரப்பினம்."

17 தாளின் மொத்தத்தைக் கூட்டினேன்: 59. பதினேழால் வகுத்தால் 3.47. சராசரியை முதலே எடுத்து வைத்திருந்தார்கள். பிறகு 8 தாளை நிரப்பியவர்கள் அதை மாற்ற மறந்துவிட்டார்கள். கதை அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் தரவுப் புனைவு. கேட்காத ஆளைக் கேட்டதாக, அளக்காததை அளந்ததாக எழுதுவது. பிள்ளைகள் என்பதால் பெயர் மாறாது. ஆனால் அவன் சொன்ன பதிலில் என் பெயரும் இருக்கிறது. 25 என்று கட்டளை போட்டது நான். 17 பேர்தான் பதில் தந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரிய இடங்களில் நடந்ததும் இதுதான். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடரிக் ஸ்டாபெல் என்ற சமூக உளவியல் பேராசிரியர் இருந்தார். பாடசாலைகளில் வினாக்கொத்துக் கொடுத்துத் தரவு எடுத்ததாகச் சொல்வார். தன்னிடம் படித்த இளம் ஆய்வாளர்களுக்கும் அந்தத் தரவைக் கொடுப்பார். அவர்களோ வினாக்கொத்து நிரப்பிய பிள்ளையைக் கண்டதில்லை, நிரப்பிய தாளையும் கண்டதில்லை. 2011 இல் இளம் ஆய்வாளர்கள் மூவர் துணிந்து முறையிட்ட பிறகுதான், பல ஆய்வுகளின் எண்களை அவரே இருந்து தட்டெழுதியது வெளிவந்தது. அவரது 58 கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. தொடக்கத்தில் அங்கங்கே சில எண்களைத்தான் மாற்றினார். போகப் போக முழுத் தரவையும் தானே உண்டாக்கினார். நிரப்பிய தாளைக் காட்டச் சொல்லி முன்பே யாராவது கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

இனி இரண்டாவது விஷயம். இதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது, ஏனென்றால் இதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை.

வினாக்கொத்தில் 10 கேள்விகள் இருந்தன. அறிக்கையில் 3 கேள்விக்கு மட்டும்தான் வரைபு. மிச்சம் ஏழும் எங்கே என்று கேட்டேன். "அதுகள்ல போன் பாவிக்கிறவங்களுக்கும் பாவிக்காதவங்களுக்கும் வித்தியாசம் ஒண்டும் வரல்ல ஸேர். அதான் போடல்ல" என்றான். அதில் பிழை இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை.

10 பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஐந்து தரம் நாணயம் சுண்டச் சொல்லுங்கள். அவர்களில் ஓரிருவருக்கு நாலு தரமோ ஐந்து தரமோ தலை விழும். மற்ற எல்லோரையும் மறைத்துவிட்டு அந்த ஒருவரை மட்டும் மேடையேற்றினால், அவரிடம் ஏதோ கைத்திறமை இருப்பதாகச் சபை நம்பும். 10 கேள்வி கேட்டு, வித்தியாசம் வந்த 3 ஐ மட்டும் காட்டினால் நடப்பதும் இதுதான். அந்த மூன்றும் தற்செயலா இல்லையா என்று வாசிப்பவர் எடைபோட, மற்ற ஏழும் அவர் கண்ணுக்குப் பட வேண்டும். விரும்பியதைக் காட்டி மற்றதை மறைப்பதும் ஆய்வு மோசடிதான்.

இதை அவனுக்குச் சொல்லும்போது என் குரல் உயரவில்லை. காரணத்தை இங்கே எழுதத்தான் இந்தப் பதிவு.

ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது நானும் ஒரு செயல்நிலை ஆய்வு செய்தேன். தரம் 4 பிள்ளைகள் 30 பேர். குழுவாக உரத்து வாசித்தால் வாசிப்பு முன்னேறுமா என்பது கேள்வி. முன்சோதனை, ஆறு கிழமை பயிற்சி, பின்சோதனை, 40 புள்ளிக்கு. 24 பிள்ளைகளுக்கு எல்லாமாக 144 புள்ளி கூடியிருந்தது, அதாவது ஆளுக்கு 6. மற்ற 6 பிள்ளைகளுக்கும் எல்லாமாக 18 புள்ளி குறைந்திருந்தது. முப்பது பேரையும் சேர்த்தால் கூடியது 126, சராசரி 4.2 தான்.

நான் 6 என்று எழுதினேன். "ஒழுங்கற்ற வரவு காரணமாக 6 மாணவர்கள் ஆய்விலிருந்து நீக்கப்பட்டனர்" என்று ஒரு வரியும் எழுதினேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நல்ல புள்ளியும் கிடைத்தது.

வரவு இடாப்பு என் கையிலேயே இருந்தது. அந்த ஆறு பேரில் உண்மையாக வரவு குறைந்தவர்கள் இரண்டு பேர்தான். அதே நேரம், நான் வைத்துக்கொண்ட 24 பேரில் மூன்று பேரின் வரவு அவர்களையும் விடக் குறைவு. அவர்களுக்குப் புள்ளி கூடியிருந்ததால் அவர்களை நான் தொடவில்லை. வரவுதான் என் விதி என்றால் ஐந்து பேரையும் நீக்கியிருக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு செய்த விதி என்பதால் அது ஒரு பக்கத்தை மட்டுமே வெட்டியது. இப்படிப்பட்ட நீக்கத்தைப் பிடிக்க ஒரே வழி, சொல்லப்பட்ட காரணத்தை மிஞ்சியவர்கள் மீதும் வைத்துப் பார்ப்பதுதான்.

மற்ற நாலு பிள்ளைகளையும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு எழுத்தே சரியாகப் பிடிபடவில்லை. குழுவாக வாசிக்கும்போது மற்றவர்களின் சத்தத்துக்குள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குக் குழு வாசிப்பு உதவாது, ஒளிந்துகொள்ள இடம்தான் கொடுக்கும். என் ஆய்வில் பெறுமதியான முடிவு அதுதான். அதைத்தான் நான் வெட்டி எறிந்தேன். என்னுடைய அறிக்கையை வாசித்து அதே முறையைப் பின்பற்றிய ஆசிரியர் யாரும் இருந்தால், அவர் வகுப்பிலும் நாலு பிள்ளைகள் வாயை அசைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

அதனால் இந்தத் தவணை முதல் என் வகுப்பில் மூன்று விஷயங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாவது, தரவு எடுக்கத் தொடங்கு முன்னமே சி.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் நாலு வரி எழுத வேண்டும்: கேள்வி என்ன, எத்தனை பேரைக் கேட்கப் போகிறோம், என்ன காரணத்துக்காக ஒருவரை விலக்குவோம், எந்தெந்த முடிவுகளை அறிக்கையில் போடுவோம். திகதியிட்டு நான் ஒப்பம் வைப்பேன். பிறகு மாற்ற வேண்டி வந்தால் மாற்றலாம். எப்போது, ஏன் மாற்றினோம் என்று கீழே எழுதினால் போதும்.

இரண்டாவது, அளந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே பேனையால் பதிய வேண்டும். பிழைத்தால் அழிக்காமல், வாசிக்கக்கூடியதாக ஒரு கோடு போட்டு வெட்ட வேண்டும். அழகாகப் பார்த்தெழுதிய கொப்பி எனக்கு வேண்டாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் முளைக்க வைத்த பயறுக்கு ஞாயிற்றுக்கிழமையும் போயாத் தினமும் உயரம் பதிந்திருந்தால், கதவைத் திறந்தது யார் என்று கேட்பேன்.

மூன்றாவது, அறிக்கையில் ஒரு கணக்கு வரி கட்டாயம்: எத்தனை தாள் கொடுத்தோம், எத்தனை வந்தன, எத்தனையை விட்டோம், ஏன் விட்டோம். கேட்ட எல்லாக் கேள்விக்கும் முடிவு ஒரே அட்டவணையில் வர வேண்டும். வித்தியாசம் இல்லை என்றால் "வித்தியாசம் இல்லை" என்று எழுதினால் அதற்கும் முழுப் புள்ளி.

மூன்றையும் தாங்குவது அந்தக் கடைசி வசனம்தான். முடிவுக்குப் புள்ளி போட்டுக்கொண்டு, பொய் எழுதாதே என்று பிள்ளைக்குச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. பெற்றோருக்கும் ஒன்று: பிள்ளை செயற்றிட்டத்தோடு இரவு பத்து மணிக்குக் குழம்பிக்கொண்டிருந்தால், "எதையாவது போட்டு முடி" என்று சொல்லிவிடாதீர்கள். "17 தான் கிடைச்சது என்டு எழுது" என்று சொல்லுங்கள்.

அந்தக் குழு நேற்று அறிக்கையைத் திருப்பித் தந்தது. 25 தாள் கொடுத்தோம், 17 வந்தன, சராசரி 3.47, பத்துக் கேள்விகளில் ஏழில் வித்தியாசம் தென்படவில்லை. வரைபு குறைந்துவிட்டது, அட்டையும் கொஞ்சம் கசங்கியிருந்தது. முதலில் தந்ததைவிடக் கூடுதலான புள்ளி போட்டேன்.