சுருக்கம் என்னும் சூழ்ச்சி

மொழிபெயர்ப்பு என்றதும் நமது இலக்கிய வட்டங்களில் எழும் பேச்சு டால்ஸ்டாயையும் ஷேக்ஸ்பியரையும் சுற்றியே நிற்கிறது. ஒரு கவிதையின் தொனி தமிழில் இறங்கிற்றா என்று இரவெல்லாம் வாதிடும் நண்பர்கள், ஒரு தொழிலாளி கையொப்பமிடுவதற்கு முன் படிக்கும் ஒற்றைத் தாளை மொழிபெயர்ப்பு என்றே கருதுவதில்லை. கவிதையில் பிழை நேர்ந்தால் வாசகன் ஓர் இன்பத்தை இழப்பான். இந்தத் தாளில் பிழை நேர்ந்தால் ஒருவன் ஆண்டுக்கணக்கான உழைப்பை இழப்பான்.

ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி செலுத்தும் ஓர் இளைஞனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கனரக வாகன அனுமதிப்பத்திரம் அவனிடம் உண்டு. சவூதி அரேபியாவில் வேலை தருவதாக ஒரு முகவர் முன்வருகிறார். ஒப்பந்தம் அரபியில் இருக்கிறது. அதனுடன் தமிழில் ஒரு சுருக்கம்: “சாரதி வேலை. சம்பளம் 1,500 ரியால். உணவு, தங்குமிடம் உண்டு. விமானச் சீட்டு வழங்கப்படும். ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டுகள்.” இந்தத் தமிழில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு வாக்கியத்திற்குள்ளும் ஒரு பொறி ஒளிந்திருக்கக் கூடும்.

முதற்சொல்லையே பாருங்கள். அரபு ஒப்பந்தத்தில் ‘மிஹ்னா’, அதாவது தொழில், என்ற இடத்தில் ‘ஸாயிக் ஷாஹினா’ என்று இருந்தால் அவன் லொறிச் சாரதி. ‘ஸாயிக் காஸ்’ என்று இருந்தால் அவன் ஒரு வீட்டின் சொந்தச் சாரதி. தமிழில் இரண்டும் ‘சாரதி’ என்றாகிவிடுகின்றன. ஆனால் சவூதித் தொழிற்சட்டத்தின் 7ஆம் பிரிவு வீட்டுப் பணியாளரை அச்சட்டத்திற்கு வெளியே நிறுத்துகிறது. வீட்டுச் சாரதியும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்க்கப்படுகிறான். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, மேலதிக நேரத்திற்கு ஒன்றரை மடங்கு கணக்கில் ஊதியம் முதலிய சட்ட உரிமைகள் லொறிச் சாரதிக்கு உண்டு. வீட்டுச் சாரதியை ஆள்வது வேறொரு தனி விதித்தொகுப்பு. ஆகவே ஒரு பெயரடையை விட்டுவிட்ட மொழிபெயர்ப்பாளன், அந்த இளைஞனை ஒரு சட்டத்திலிருந்து மற்றொரு சட்டத்திற்குக் கண்ணை மூடிக் கடத்திவிட்டான். விசாவிலும் தொழிற்பெயர் எழுதப்பட்டிருக்கும். அதுவும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றல்லவெனில், கையொப்பமிடுவதற்கு முன்பே காரணம் கேட்க வேண்டும்.

அடுத்தது சம்பளம். ‘ஷாமிலன்’ என்றொரு அரபுச் சொல் உண்டு. ‘உள்ளடங்கலாக’ என்பது பொருள். “1,500 ரியால், ஷாமிலன் பதலஸ் ஸகன் வத் தஆம்” என்று எழுதியிருந்தால், வீட்டு வாடகைப் படியும் உணவுப் படியும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டன என்று பொருள். “உணவு, தங்குமிடம் உண்டு” என்ற தமிழோ, அவை சம்பளத்துக்கு மேலாகக் கிடைப்பவை என்ற எண்ணத்தைத் தருகிறது. அடிப்படைச் சம்பளம் 1,000, வீட்டுப் படி 300, உணவுப் படி 200 என்று வைத்துக் கணக்கிடுவோம். இளைஞன் மாதம் 1,500 மிஞ்சும் என்று எண்ணிப் புறப்படுகிறான். அறைக்கும் சோற்றுக்கும் 500 கொடுத்தபின் அவன் கையில் நிற்பது 1,000. இருபத்துநான்கு மாதங்களில் வித்தியாசம் 12,000 ரியால். அவனது உண்மையான மிச்சத்தில் அது ஓராண்டு உழைப்பு! அந்த 1,500ஐ நம்பித்தான் அவன் வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பான் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, நமது தமிழே செய்யும் துரோகம். அரபு ஒப்பந்தங்களில் ‘யல்தஸிமு’ என்றால் கடமைப்பட்டிருக்கிறார். ‘யஜூஸு’ என்றால் விரும்பினால் செய்யலாம். ஒன்று கட்டாயம், மற்றொன்று விருப்பம். இவ்விரண்டையும் நமது சுருக்கக்காரர்கள் “வழங்கப்படும்” என்ற செயப்பாட்டு வினையில் கரைத்துவிடுகிறார்கள். வழங்குபவர் யார்? எப்போது? மறுத்தால் என்ன? அந்த வினைமுற்று எதையும் சொல்லாது. தொழிற்சட்டத்தின் 40ஆம் பிரிவு, வேலை உறவு முடிந்தபின் தொழிலாளி நாடு திரும்பும் சீட்டைத் தொழில்தருநர் மீது சுமத்துகிறது. தகுந்த காரணமின்றித் தொழிலாளி தானே திரும்ப விரும்பினாலோ செலவு அவனுடையது என்றும் கூறுகிறது. “விமானச் சீட்டு வழங்கப்படும்” என்பதில் இந்த இரண்டு பாதியும் இல்லை. நேர்மையான தமிழ் இப்படி அமையும்: “ஒப்பந்தம் முடிந்ததும் சீட்டு வாங்கித் தருவது முதலாளியின் கடமை. காரணமின்றி நீர் இடையில் திரும்பினால் சீட்டுப் பணம் உம்முடையது.”

“எளிமையாகச் சொன்னால் போதாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். எளிமைக்கும் மழுப்பலுக்கும் உள்ள வேறுபாட்டை இவர்கள் அறியார்களா? மேற்கண்ட இரண்டு வாக்கியங்களும் எளிய தமிழ்தானே! “வறுமையால் எப்படியும் கையொப்பமிடப் போகிறான், விளக்கி என்ன பயன்?” என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இது இரக்கத்தின் வேடம் பூண்ட அலட்சியம். அறிந்தவன் சிறிதாகக் கடன் வாங்குவான். ஒரு சொல்லை மாற்றி எழுதித் தரக் கேட்பான். வேறு முகவரைத் தேடுவான். பிறகு அவன் கையொப்பமிட்டாலும் அது அவனுடைய முடிவு. அறியாதவனிடம் பெறுவது முடிவன்று, ரேகை மட்டுமே.

தமிழ்த் தாளில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே செல்லுபடியாவது அரபு மூலமே. சவூதித் தொழிற்சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. கத்தார், குவைத் சட்டங்களும் அவ்வாறே. ஆகவே ஆறுதலான தமிழ்ச் சுருக்கம் நீதிமன்றத்தில் ஒரு பிடி மண்ணுக்கும் ஈடாகாது. தமிழுக்கும் அரபுக்கும் இடையிலான பிளவு எவ்வளவு ஆழமானது என்பதை மூதூர்ப் பெண் ரிசானா நபீக்கின் வழக்கு உலகுக்குக் காட்டிற்று. 2005இல் பணிப்பெண்ணாகச் சென்ற அவளுக்கு 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் நாள் அது நிறைவேற்றப்பட்டது. அவளது வாக்குமூலத்தைப் பெயர்த்தவர் இரு மொழிகளையும் சரிவரப் பெயர்க்க வல்லவர்தாமா என்ற ஐயத்தை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் வெளிப்படையாகவே எழுப்பியது. அது குற்ற வழக்கு, இது ஒப்பந்தம். ஆனால் இரண்டிலும் தன் பெயரால் எழுதப்பட்டதைப் படிக்க இயலாமல் நிற்பவர் உழைப்பாளியே.

அரபு அறிந்தவர் நம்மிடையே இல்லையா? கொழும்பில் மௌலவிமார் உண்டு. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் ஒரு பீடம் உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். மதரஸாவில் ‘அஜ்ர்’ என்பது இறைவனிடம் கிடைக்கும் நற்கூலி. ஒப்பந்தத்தில் அது மாதக் கூலி. அங்கே ‘இஜாஸா’ ஆசிரியர் வழங்கும் சான்று, இங்கே விடுமுறை. ‘தஜ்ரிபா’ அனுபவம் என்றும் பொருள்படும், சோதனை என்றும் பொருள்படும். ஒப்பந்தத்தில் அது சோதனைக் காலம். அக்காலத்துக்குள் இழப்பீடின்றி வேலையிலிருந்து நீக்கலாம். இதை ‘அனுபவக் காலம்’ என்று பெயர்த்தால் இளைஞன் புன்னகையோடு கையொப்பமிடுவான். ஆகவே சமய அரபு மட்டும் போதாது. தொழிற்சட்டத்தின் அரபையும் பயில வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! நாம் கேட்க வேண்டியது சுருக்கத்தையன்று. அரபுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் இடப்பக்கமும், அதன் பொருளை வலப்பக்கமும் எழுதுக. ஒப்பந்தம் மௌனமாக இருக்கும் இடத்தில் “இதுபற்றி எழுதப்படவில்லை” என்று எழுதுக. இறுதியில், “நீர் விளங்கிக்கொண்டதைச் சொல்லும்” என்று அவனிடமே கேளுங்கள். அவன் 1,500 என்று சொன்னால் வேலை முடியவில்லை. தாளின் அடியில் மொழிபெயர்த்தவர் தம் பெயரையும் தேதியையும் இடட்டும். கையொப்பமிடும் துணிவு தொழிலாளிக்கு மட்டுமே உரியதாக இருப்பானேன்?