ஜாதகத்தோடு போகும் போட்டோவும் காதும்

செம்பூரில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பையனின் ஜாதகத்தோடு போட்டோவையும் திருச்சிக்கு அனுப்பவிருந்தது. பையனுக்கு அப்பாவைப் போலவே விரிந்த காது. ஸ்டூடியோக்காரர் யாரும் கேட்காமலே இரண்டு காதையும் தலையோடு ஒட்டித் தந்துவிட்டார். படத்தைப் பார்த்த பாட்டி, "இது யாருடா?" என்றாராம். பெண் வீட்டார் நேரில் வந்து இதையே கேட்டால் என்ன செய்வது?

நான் பல வருடம் டச்சிங் வேலை பார்த்தவன் என்பதால் படம் என்னிடம் வந்தது. கன்னம் உள்ளே இழுபட்டு, கிருதா வளைந்து, கண்ணாடியின் காம்பு நெளிந்திருந்தது. காது காணாமல் போனதில் முகம் பெருத்துப் பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது. காதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எவ்வளவு தொடுவது என்பதில்தான் எனக்கும் அந்த ஸ்டூடியோக்காரருக்கும் சண்டை.

திருத்தாத மூலப் படத்தை வாங்கிக்கொண்டேன். முதலில் எதையும் நகர்த்தவில்லை. விரிந்த காதின் விளிம்பில் வெளிச்சம் விழுவதால்தான் கண் நேராக அங்கே போகிறது. அந்த விளிம்பை மட்டும் லேசாக இருட்டாக்கி, சிவப்பைக் கொஞ்சம் குறைத்தேன். பாதிக் குறை அதிலேயே போய்விட்டது.

பிறகுதான் போட்டோஷாப்பின் Liquify. கன்னம், கிருதா, தலைமுடி, கண்ணாடிக் காம்பு எல்லாவற்றையும் Freeze Mask பூசி அசையாமல் கட்டிவைத்தேன். பிரஷ் காது அளவுக்காவது பெரிதாக இருக்க வேண்டும். சின்ன பிரஷ் விளிம்பை அலை அலையாக்கிவிடும். காதின் மேல் பாதியை நாலைந்து சின்னத் தள்ளலில் உள்ளே கொண்டுவந்தேன். 40 பிக்சல் வெளியே நின்ற காதை 32-ல் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் உள்மடிப்புகள் நசுங்கி, மடித்த சப்பாத்தி போல ஆகிவிடும். காது மடலின் அடியைத் தொடவில்லை, உயரத்தையும் மாற்றவில்லை. காதின் மேல்முனை புருவ மட்டத்திலும் கீழ்முனை மூக்கின் அடி மட்டத்திலும் இருந்தால்தான், ஏறக்குறைய, தலை தலையாகத் தெரியும். இடது காது சற்றே பெரிது. அதை அப்படியே விட்டேன். இரண்டும் அச்சில் வார்த்தது போல் யாருக்கும் இருப்பதில்லை.

கடைசியில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் அப்போது தெரியும். காதுக்குப் பின்னால் திரையின் மடிப்பு ஓரிடத்தில் வளைந்திருந்தது, அதை நேராக்கினேன்.

படம் எடுக்கும்போதே முகத்தைச் சற்றுத் திருப்பி உட்காரவைத்திருந்தால் ஒரு காது தானாகவே மறைந்திருக்கும். இத்தனை வேலையும் வந்திருக்காது. விளக்கு பின்னாலிருந்து அடித்தால் காது சிவந்து ஒளிரும் என்பதையும் அந்த ஸ்டூடியோவில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பையனின் அப்பா புதுப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் காதை ஒருமுறை தடவிக்கொண்டார். பாட்டி இந்த முறை பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். திருச்சிக்குப் போயிருப்பது அந்தப் படம்தான்.