முதல் மூன்று நாட்கள்

சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது நழுவி உள்ளேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே கழுவுவதோ சிறுநீர் கழிப்பதோ கருவைத் தடுக்காது. விந்தணுக்கள் அதற்குள் கருப்பை வாயைக் கடந்திருக்கும். ஆனால் கருத்தரிப்பு அந்த நொடியில் நடந்துவிடுவதில்லை. விந்தணு சுமார் ஐந்து நாள் உயிரோடு காத்திருக்கும் என்பதால், முட்டை வெளிவராமல் தள்ளிப்போட முடிந்தால் தப்பிக்க வழியுண்டு.

அதைச் செய்வதுதான் 1.5 மில்லிகிராம் லெவோனார்ஜெஸ்ட்ரல் மாத்திரை. முட்டை வெளிவந்த பிறகு அதனால் பயனில்லை. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஞாயிறு காலையிலேயே விழுங்குவது நல்லது. செவ்வாய் இரவோடு 72 மணி நேரம் முடிகிறது, அதன் பிறகு பலன் வெகுவாகக் குறையும். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை வேண்டும். ஏற்கெனவே தரித்த கருவை இது கலைக்காது. இது கருக்கலைப்பு மாத்திரை என்ற தவறான எண்ணத்தில் தமிழ்நாட்டின் பல மருந்துக்கடைகள் இதை வைப்பதே இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கக்கூடிய மாத்திரை இது. "ஸ்டாக் இல்லம்மா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர் அவளுடைய ஒரு நாளைப் பறிக்கிறார். கடையில் கேட்டு வாங்கும் கூச்சத்தை அவள் தலையில் மட்டும் கட்டிவிட்டு வீட்டில் இருக்கும் ஆணும் அப்படித்தான்.

மாத்திரையைவிட உறுதியானது காப்பர் டி. வியாழன் இரவுக்குள், அதாவது ஐந்து நாளுக்குள், பொருத்தினால் நூறில் ஒருவருக்குக்கூடக் கரு நிற்பது அரிது. உடல் எடை கூடியவர்களுக்கும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அல்லது சில வலிப்பு மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கும் மாத்திரையின் பலன் குறையலாம். அவர்கள் முதலிலேயே காப்பர் டியைக் கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பொருத்துகிறார்கள். அங்குள்ள செவிலியர் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று தொடங்காமல் "எப்போ நடந்தது?" என்று தொடங்கினால் வந்தவர் தயங்காமல் பேசுவார். துணைக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். தொற்றுத் தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

மாத்திரை போட்டதோடு வேலை முடியவில்லை. அந்த மாதத்தின் அடுத்த உறவுகளுக்கு அது காவல் அல்ல. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, ஆகவே அடுத்த வாரமே கரு நிற்கலாம். மாதவிலக்கு சில நாள் முன்பின் ஆவது இயல்பு. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினாலோ, வழக்கத்தைவிடக் குறைவாகப் போனாலோ, உறவு நடந்து மூன்று வாரம் கழித்துச் சிறுநீர் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன் வரும் 'இல்லை' என்ற முடிவை நம்ப முடியாது. அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரு நின்றுவிட்டால், கருத்தடை தவறியதைக் காரணமாகச் சொல்லி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. 2021 திருத்தத்துக்குப் பின் இது மணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும்.