பி.எஃப். ஆபீஸ் சொன்னால் அதுதான் சட்டமா?

"ஆபீஸிலேயே முடியாதுன்னுட்டாங்க சார், அப்புறம் என்ன?" தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் பென்ஷன் பேச்சை எடுத்தால் இந்த வரி வந்துவிடும். சட்டத்தில் ஒரு வாசகத்தை இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால், இலாகா படிப்பதை கோர்ட் அப்படியே ஏற்க வேண்டுமா?

1995 பென்ஷன் திட்டத்தில் கம்பெனியின் பங்கிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகும். ஆனால் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. முதலில் 5,000 ரூபாய், பிறகு 6,500. 1996-இல் 11(3) பத்தியில் ஒரு சலுகை சேர்த்தார்கள். கம்பெனியும் ஊழியரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் முழுச் சம்பளத்துக்கும் கட்டலாம் என்று அப்போது இருந்தது. திட்டம் தொடங்கிய நாள், சம்பளம் வரம்பைத் தாண்டிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து என்று வாசகம்.

அந்த நாள் எதற்கு? எழுதிக் கொடுக்கக் கடைசி நாள் என்று பி.எஃப். இலாகா படித்தது. இமாச்சலப் பிரதேச ஊழியர்கள் சிலர் ஓய்வு பெறும் சமயத்தில் கேட்டபோது, காலம் கடந்துவிட்டது என்று மறுத்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2016 அக்டோபரில் ஆர்.சி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றிப் படித்தது: அது கணக்கு எந்த நாளிலிருந்து என்று சொல்கிறது, விண்ணப்பத்துக்குக் கெடு வைக்கவில்லை, ஊழியர் நலனுக்கான திட்டத்தைக் கெடு காட்டி முடக்கக் கூடாது.

பணத்தில் பாருங்கள். பென்ஷன் என்பது சம்பளத்தைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. 20,000 ரூபாய் சம்பளம், 16 வருட சர்வீஸ் என்றால் 4,571 ரூபாய். 6,500 வரம்போடு நின்றால் 1,486. (முழுச் சம்பளக் கணக்குக்குப் பழைய பாக்கியை பி.எஃப். தொகையிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும், இலவசமல்ல.)

நம் கோர்ட்டுகள் இலாகாவின் விளக்கத்தை அடியோடு தள்ளுவதில்லை. சட்டம் வந்த காலத்திலிருந்தே ஒரே மாதிரி நடத்திவந்த விளக்கத்துக்கு மதிப்புண்டு. வருமான வரி வழக்கான கே.பி. வர்கீஸில் 1981-இல் வாரியத்தின் சுற்றறிக்கைகளைக் கணக்கில் எடுத்தார்கள். ஆனால் சட்டத்தின் அர்த்தத்தைக் கடைசியாகச் சொல்வது கோர்ட்தான். அமெரிக்காவில் 40 வருடம் இலாகா விளக்கத்துக்கு வழிவிட்டிருந்தார்கள். அதை 2024-இல் கைவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், வர்கீஸ் வழக்கில் வாரியத்தின் பழைய வார்த்தை வரி கட்டுபவருக்குச் சாதகமாக, இலாகாவுக்கே பாதகமாக இருந்தது. அப்படிப்பட்டதை நம்பலாம். பணத்தை வைத்திருப்பவரே, கொடுக்க வேண்டாம் என்று படித்தால் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எனக்கு ஆறாதது வேறு. 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கெடு தவறு என்பதை மறுபடி ஒப்புக்கொண்டது. ஆனால் 2014 செப்டம்பர் 1-க்கு முன் எழுதிக் கொடுக்காமலே ஓய்வு பெற்றவர்களுக்குப் பலன் இல்லை என்றது. "முடியாது" என்ற பதிலை நம்பி, எழுதியே கொடுக்காமல் வீடு திரும்பியவர்களும் அதில் அடக்கம்.